ஷேக் குடிக்கும் முன் மாத்திரையைக் காட்டுங்கள்

காலை ஆறரை மணிக்கு டெல்டா ஊர்களின் கடைத்தெருவில் டீக்கடைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கடையும் இப்போது திறந்துவிடுகிறது. ஊட்டச்சத்து மையம், ஆரோக்கிய மையம் என்று பலகையில் ஏதாவது ஒரு பெயர் இருக்கும். உள்ளே நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மிக்சி, எடை பார்க்கும் மெஷின். சுவர் முழுக்க ‘முன்பு’, ‘பின்பு’ புகைப்படங்கள். இட்லிக்குப் பதிலாக ஒரு டம்ளர் வெனிலா ஷேக், ராத்திரிக்கும் அதே, நடுவில் கொஞ்சம் சோறு. மூன்று மாதத்தில் பத்து கிலோ குறையும் என்று அங்கிருக்கும் ‘கோச்’ உறுதி சொல்கிறார்.

பத்து கிலோ குறையலாம்தான். உணவுக்குப் பதிலாகப் பொடி என்ற யோசனையே மோசடி என்று ஒதுக்கிவிட முடியாது. சர்க்கரை நோய் மருத்துவத்தில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த பெரிய திருப்பங்களில் ஒன்று இந்த வகைப் பொடியிலிருந்துதான் வந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பொடி பாக்கெட்டைக் கையில் கொடுப்பதற்கு முன் நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கடைத்தெரு மையத்தில் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி அது: என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

தஞ்சாவூர் பக்கம் இந்தக் கேள்விக்குத் தனி அவசரம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்குச் சொன்னது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம். அதே வீட்டுக்குள் இன்னொரு வழியாக ஷேக் டப்பாவும் வருகிறது. மாத்திரை கொண்டு வருபவருக்கு டப்பாவைப் பற்றித் தெரியாது, டப்பா விற்பவருக்கு மாத்திரையைப் பற்றித் தெரியாது. இரண்டும் ஒரே வயிற்றில்தான் சந்திக்கின்றன.

நல்ல செய்தியிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர் 2011-இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். சர்க்கரை நோய் வந்து நான்கு ஆண்டு தாண்டாத 11 பேர், எட்டு வாரம், நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 கலோரி. முதல் வாரத்திலேயே அவர்களுடைய வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்துவிட்டது. கல்லீரலில் அடைந்திருந்த கொழுப்பு முதலில் கரைந்தது. வாரங்கள் போகப் போகக் கணையத்துக் கொழுப்பும் குறைந்து, இன்சுலின் சுரப்பு மீண்டது. ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் விடாது என்று நம்பியிருந்த நோய், தொடக்க ஆண்டுகளில் பின்வாங்கக்கூடியது என்பதற்கு அது ஒரு சாட்சி.

அடுத்ததாக டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் சேர்ந்து நடத்திய ‘டைரக்ட்’ ஆய்வின் முடிவு 2017 டிசம்பரில் லான்செட் இதழில் வந்தது. ஸ்காட்லாந்திலும் டைன்சைடிலும் சாதாரணக் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளில் நடந்த ஆய்வு அது. மூன்று முதல் ஐந்து மாதம் வரை தினம் ஏறக்குறைய 850 கலோரி, முழுக்கப் பொடியும் சூப்பும்தான். ஓராண்டு முடிவில் இந்த உணவில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் எல்லைக்குக் கீழே இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அப்படி இருந்தவர்கள் 4 சதவீதம். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 86 சதவீதம்.

இந்த எண்களைத்தான் கடைத்தெரு மையங்களும் யூடியூப் வீடியோக்களும் வேறு வேறு வடிவில் விற்கின்றன. அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள், யாரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்பது மட்டும் விற்பனையில் வருவதில்லை. இன்சுலின் போடுபவர்களைச் சேர்க்கவில்லை. நோய் வந்து ஆறு ஆண்டைத் தாண்டியவர்களைச் சேர்க்கவில்லை. சிறுநீரகம் கெட்டவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், உணவை வெறுக்கும் மனநோய் உள்ளவர்கள் யாருக்கும் இடமில்லை. சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் நிறுத்தப்பட்டன. ஆய்வின் பாதுகாப்பே அந்த ஒரு செயலில்தான் நின்றது.

ஏன் என்பதை ஒரு ஆளை வைத்துப் பார்த்தால் புரியும். பாபநாசம் பக்கத்து நெல் வியாபாரி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயது 46. உயரம் 165 சென்டிமீட்டர், எடை 82 கிலோ, பி.எம்.ஐ. 30. சர்க்கரை வந்து நான்கு வருஷம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 8.1. காலையில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் சிறுநீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்த ஒரு மாத்திரை. டெல்டாவில் எந்த மருந்துக்கடையில் நின்றாலும் இதே சீட்டோடு பத்துப் பேரைப் பார்க்கலாம்.

அவர் யாரையும் கேட்காமல் ஷேக்கைத் தொடங்குகிறார். முதலில் டப்பாவின் கணக்கு. கடையில் கிடைக்கும் சில பொடிகளின் லேபிளை நிதானமாகப் படித்தால், ஒரு வேளைக்கான 25 கிராம் தூளில் 90 கலோரியும் 9 கிராம் புரதமும்தான் இருக்கும். பாலில் கலந்தால்தான் அது ஒரு வேளை உணவுக்குப் பக்கத்தில் வரும். வியாபாரிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறார்கள். இரண்டு ஷேக் சேர்ந்து 180 கலோரி, 18 கிராம் புரதம். மத்தியானம் ஒரு கரண்டி சோறும் ரசமும் பொரியலும் மோரும் என்றால் இன்னொரு 400 கலோரி, பத்துப் பன்னிரண்டு கிராம் புரதம். நாள் முழுக்க 600 கலோரிக்கும் கீழே, புரதம் 30 கிராம்.

உடல் அந்தப் பற்றாக்குறையை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். கொழுப்பிலிருந்து எடுக்கும், சதையிலிருந்தும் எடுக்கும். உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1995-இலேயே மிகக் குறைந்த கலோரி உணவுக்கு விதி வகுத்துவிட்டது. நாளுக்கு 450 முதல் 800 கலோரி, அதில் தரமான புரதம் 50 கிராமுக்குக் குறையக் கூடாது, ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின்களும் தாதுக்களும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். நம் வியாபாரியின் தட்டு அந்தப் புரத அளவில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எடை மெஷினில் வாரம் இரண்டு கிலோ இறங்கும்போது சுவரில் ஒட்ட இன்னொரு புகைப்படம் கிடைக்கிறது. அந்த இரண்டு கிலோவில் தண்ணீர் எவ்வளவு, தொடைச் சதை எவ்வளவு என்று மெஷின் சொல்லாது.

சதை கரைவது மெதுவான ஆபத்து. நாலாம் நாளே வரக்கூடியது வேறொன்று. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வழக்கமாக நாலு இட்லியும் சட்னியும் உள்ளே போகிற காலையில் 90 கலோரி தண்ணீர் ஷேக் போனால், பத்தரை மணிக்குள் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, பசி, கண் இருட்டல். இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும். நெல் மண்டியில் இப்படி ஒருவர் தடுமாறினால் குடித்திருக்கிறார் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். வீட்டில் வெயில் என்பார்கள். மையத்தில் ‘நச்சு வெளியேறுகிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும் அண்ணே’ என்பார்கள். இதில் ஆபத்தான ஆறுதல் கடைசியாகச் சொன்னதுதான், ஏனென்றால் அதைக் கேட்டு ஆள் மறுநாளும் அதே மாத்திரையைப் போட்டு அதே ஷேக்கைக் குடிப்பார்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, பதினைந்து நிமிடம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்ப்பது, ஏறாவிட்டால் மறுபடி குடிப்பது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே மருத்துவமனைதான். கிளிபென்கிளமைடு போட்டவருக்குச் சர்க்கரை ஒருமுறை ஏறிவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது. அந்த மருந்து ஒரு நாளுக்கு மேலும் உடலில் வேலை செய்யும். சாயங்காலம் சரியானவர் நள்ளிரவில் மறுபடி விழலாம். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் இது இன்னும் கூடுதல்.

ரத்த அழுத்த மாத்திரையின் கதையும் இதே திசையில்தான் போகிறது. கலோரி குறைந்த முதல் வாரத்தில் உடல் நிறைய உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். அதோடு சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் அழுத்தம் சரிந்துவிடும். சித்திரை வெயிலில் களத்துமேட்டில் குனிந்து நிமிர்ந்தவர் அப்படியே சாய்வது இதனால்தான்.

இன்னொரு மாத்திரைக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று சீட்டில் எழுதியிருக்கும். ரத்தத்துச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும் மருந்துகள் இவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்பதால் மருத்துவர்கள் விரும்பி எழுதுகிறார்கள். முதலாவதன் காப்புரிமை 2020-இலும் அடுத்ததன் காப்புரிமை 2025-இலும் இந்தியாவில் முடிந்ததால் விலையும் இறங்கிவிட்டது. இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டே சோற்றை அடியோடு நிறுத்தினால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குச் சேரலாம். வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, மிகுந்த அசதி என்று வரும். குளுக்கோமீட்டரில் பார்த்தால் 170, 180 என்றுதான் காட்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதே என்று எல்லாரும் ஏமாறுவது அங்கேதான். அல்சர் என்றும் ஃபுட் பாய்சன் என்றும் ஒரு நாள் கடந்துவிட்டால் ஐ.சி.யூ.தான். இந்த மாத்திரை போடுபவர் ஷேக்கோ பட்டினியோ தொடங்குவதற்கு முன் மருத்துவர் அதை நிறுத்திவைக்க வேண்டும். வாந்தியோடு வந்தால், சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் கீட்டோன் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாத்திரையே போடாதவர்களுக்கு ஆபத்து இல்லையா என்றால், அதற்கு 1970-களின் அமெரிக்கா பதில் சொல்லியிருக்கிறது. ராபர்ட் லின் என்ற மருத்துவர் 1976-இல் ‘கடைசி வாய்ப்பு’ என்ற பொருளில் ஒரு டயட் புத்தகம் எழுதினார். உணவை நிறுத்திவிட்டுத் திரவப் புரதத்தை மட்டும் குடிக்கச் சொன்ன புத்தகம். அந்தத் திரவம் கசாப்புக் கூடத்தில் மிஞ்சும் தோலிலும் தசைநாரிலும் இருந்து எடுத்த கொலாஜன். உடலுக்கு அவசியமான டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் கொலாஜனில் கிடையாது. லட்சக்கணக்கானவர்கள் குடித்தார்கள். 1977, 78-க்குள் ஏறக்குறைய 60 மரணங்கள் அரசின் விசாரணைக்கு வந்தன. அவர்களில் 17 பேரைத் தனியாக ஆராய்ந்த மருத்துவர்கள் 1979-இல் கண்டதைச் சொன்னார்கள். ஈ.சி.ஜி.யில் க்யூடி என்று குறிக்கும் இடைவெளி நீண்டு, இதயத் துடிப்பு தாறுமாறாகி, திடீரென்று நின்றிருந்தது. கோடெக்ஸ் விதியில் ‘தரமான’ புரதம் என்று அழுத்திச் சொல்லியிருப்பதன் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

நம் பக்கத்துச் செய்திகள் இன்னும் மனத்தைப் பிசைகின்றன. 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி, மாதக்கணக்கில் உணவைச் சுருக்கி இறந்துபோனார். அதே ஆண்டு ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்லூரியில் சேரவிருந்த ஒரு மாணவர் இறந்தார். மூன்று மாதமாகப் பழச்சாறு மட்டுமே குடித்துவந்ததாக அவருடைய வீட்டார் சொன்னார்கள். இணையத்தில் பார்த்த டயட் என்றுதான் இரண்டு செய்திகளிலும் வந்தது. பழச்சாறில் புரதம் ஏறக்குறைய கிடையாது, கொழுப்பு கிடையாது, இருப்பதெல்லாம் சர்க்கரைதான். வளரும் பிள்ளைகளுக்கு மருத்துவர் மேற்பார்வை இல்லாத எந்தப் பட்டினி உணவும் கூடாது என்பதில் இரண்டாம் கருத்தே இல்லை. பிள்ளை தட்டைத் தள்ளுகிறது, கண்ணாடி முன் நிற்கிறது, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போகிறது என்றால், அதற்கு எடை மெஷினில் மருந்தில்லை. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

நீண்ட பட்டினியிலிருந்து திரும்புவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாதவரின் உடலில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சேமிப்பு வற்றியிருக்கும். ரத்தப் பரிசோதனையில் அது தெரியாமலும் போகலாம். அவர் ஒரு நாள் திடீரென்று வயிறு நிறையச் சோறோ இனிப்போ சாப்பிட்டால் இன்சுலின் பொங்கி எழும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் அந்த உப்புகளையும் அது செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயமும் மூச்சுத் தசைகளும் தடுமாறும். விருந்துச் சாப்பாட்டோடு விரதத்தை முறிக்கும் பழக்கம் உள்ள ஊரில் இதைச் சத்தமாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

பித்தப்பைக் கல்லையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். உணவில் கொழுப்பே இல்லாவிட்டால் பித்தப்பை சுருங்குவதில்லை, பித்தம் தேங்கிக் கல்லாகிறது. வேகமாக எடை குறைப்பவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது நடக்கலாம். நல்ல பொடிகளில் தினம் ஏழு முதல் பத்து கிராம் கொழுப்பாவது வேண்டுமென்றே வைத்திருப்பது இதற்காகத்தான். வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை போகும் வலி வந்தால் வாயுத் தொல்லை என்று ஓம வாட்டர் குடித்துவிட்டுப் படுக்காமல் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது.

இப்போது அதே நெல் வியாபாரியை வேறு பாதையில் நடத்திப் பார்ப்போம். ஷேக் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே அவர் சர்க்கரை நோய் மருத்துவர் ஒருவரிடம் போகிறார், மாத்திரைப் பையை அப்படியே மேசையில் கொட்டுகிறார். எச்பிஏ1சி, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை, யூரிக் அமிலம், ஈ.சி.ஜி., விழித்திரைச் சோதனை எல்லாம் பார்க்கிறார்கள். யூரிக் அமிலம் எதற்கென்றால், வேகமாக எடை குறையும்போது அது ஏறி, கால் கட்டைவிரல் வீங்கும் கவுட் வலி வரக்கூடும். விழித்திரை எதற்கென்றால், ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்குவது சில காலம் அதைக் கூட்டிவிடலாம். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவு மருந்து சாப்பிடுபவராக இருந்தால், பொடியிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் அளவையே மாற்றிவிடும் என்பதால் அதற்குத் தனிக் கணக்கு.

முதல் நாள் கிளிமிபிரைடு நிற்கிறது. ரத்த அழுத்த மாத்திரையும் நிற்கிறது. டைரக்ட் ஆய்வில் மெட்ஃபார்மினையும் சேர்த்து எல்லாச் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தினார்கள். நெஞ்சுவலிக்கோ இதயத் துடிப்புக்கோ தரும் மாத்திரையைப் பட்டென்று நிறுத்தக் கூடாது, எது நிற்கலாம் என்பது மருத்துவர் கையில். வீட்டில் குளுக்கோமீட்டரும் பி.பி. மெஷினும் இருக்க வேண்டும். ஆய்வில் சிலருக்கு அழுத்தம் திரும்ப ஏறியதால் மாத்திரையைத் திரும்பத் தர வேண்டி வந்தது.

சாப்பாடு என்பது நாளுக்கு நான்கு பாக்கெட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 கலோரி. வைட்டமினும் தாதுவும் அதற்குள்ளேயே இருக்கும். தண்ணீர் இரண்டேகால் லிட்டர். மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் நார்ச்சத்துத் தூளும் உண்டு. முதல் மூன்று நான்கு நாட்கள்தான் கடினம், தலைவலியும் எரிச்சலும் பசியும் சேர்ந்து வரும். பிறகு பசி அடங்குவதாகப் பலரும் சொல்கிறார்கள். ஒரு வாரத்தில் முதல் சந்திப்பு, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மூன்றாம் மாதம் தலைமுடி கொட்டத் தொடங்கலாம், அது பெரும்பாலும் தானாகத் திரும்பும். பன்னிரண்டு வாரத்தில் 82 கிலோவில் 15 சதவீதம், அதாவது 12 கிலோ இறங்கி 70-க்குப் பக்கத்தில் வந்து நின்றால் திட்டம் நடக்கிறது என்று அர்த்தம்.

இந்த வழி பொருந்துகிறவர்கள் அப்படி ஒன்றும் கூட்டமில்லை. சர்க்கரை வந்து சில ஆண்டுகளே ஆன, இன்சுலின் போடாத, எடை கூடியவர்கள் முதல் வரிசை. எடை குறைப்பு அறுவைக்குப் போகிறவர்களுக்கு அதற்கு முந்தைய இரண்டு வாரம் இதே உணவைத் தருவார்கள். வீங்கிய கல்லீரல் சுருங்கினால்தான் அதன் பின்னால் இருக்கும் இரைப்பையை அறுவை மருத்துவர் எட்ட முடியும். இங்கிலாந்தில் அரசு மருத்துவத் துறையே இதைத் திட்டமாக நடத்துகிறது. வெள்ளையர்களுக்கு பி.எம்.ஐ. 27 என்றால், நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 25-லேயே அனுமதி, ஏனென்றால் நமக்குக் குறைந்த எடையிலேயே கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது. லண்டனில் இருக்கும் தமிழர் ஒருவருக்கு அவருடைய குடும்ப மருத்துவரே இந்தத் திட்டத்துக்குச் சீட்டு எழுதிவிடலாம். பாபநாசத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு பாக்கெட் பொடி தர மாட்டார்கள். மாத்திரைச் சீட்டைப் பார்த்து எது ஆபத்து என்று அங்கே சொல்ல முடியும், அதற்குக் காசும் இல்லை.

ஒல்லியாக இருந்தும் சர்க்கரை வந்தவர்கள் டெல்டாவில் நிறைய. அவர்களுக்கும் டெய்லர் குழு ஒரு சிறு ஆய்வு செய்தது. பி.எம்.ஐ. 27-க்குள் இருந்த 20 பேரை ஒரேயடியாகப் பட்டினி போடவில்லை. எடையில் 5 சதவீதம் குறைப்பது, சில வாரம் இயல்பான சாப்பாட்டில் நிறுத்துவது, பிறகு அடுத்த 5 சதவீதம் என்று படிப்படியாகக் கொண்டுபோனார்கள். 14 பேருக்கு நோய் பின்வாங்கியது. சிறிய ஆய்வுதான், மருத்துவர் துணையோடு நடந்ததும்தான். ஆனாலும் கதவு மூடப்படவில்லை என்று காட்டுகிறது.

பொடிதான் வேண்டுமா, நம் சாப்பாட்டிலேயே செய்ய முடியாதா என்ற கேள்வி நியாயமானது. கிளாஸ்கோ குழு நேபாளத்தின் துலிகேல் மருத்துவமனையோடு சேர்ந்து அதையே முயன்றது. தயிர், பழம், பருப்பு, அளந்த சோறு என்று உள்ளூர்ச் சாப்பாட்டிலேயே 850 கலோரி. பொடியின் வசதி, அதில் அளவும் சத்தும் கட்டிவைத்திருக்கிறது என்பது. சமையலறையில் 800 கலோரிக்குள் 60, 70 கிராம் புரதத்தைச் சேர்ப்பதற்கு முட்டையும் மீனும் கெட்டித் தயிரும் பருப்பும் நிறுத்தளந்து போட்டாக வேண்டும், வைட்டமின் மாத்திரையும் வேண்டியிருக்கும். உணவியலாளர் ஒருவர் கணக்குப் போட்டுத் தந்தால் முடியும். கண்ணளவில் முடியாது.

மூன்று மாதம் முடிந்து சோறு திரும்பி வரும் கட்டம்தான் காவிரிக்கரையில் எல்லாவற்றிலும் கடினம். சாம்பாருக்கு ஒரு சோறு, வத்தக்குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று போகும் இலையில் 150 கிராம் அரிசியாவது வெந்திருக்கும். சோற்றுக்கு மட்டும் 525 கலோரி. குழம்பும் கூட்டும் அப்பளமும் கணக்கில் சேரவில்லை. ஆய்வின் முறைப்படி முதலில் ஒரே ஒரு பாக்கெட் போய், அந்த இடத்தில் ஏறக்குறைய 400 கலோரிச் சாப்பாடு ஒரு வேளைக்கு வருகிறது. நம் வியாபாரிக்கு அது இப்படி: 50 கிராம் அரிசியின் சோறு, 30 கிராம் துவரம்பருப்பின் சாம்பார், ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தட்டில் பாதி நிறையக் கத்தரியோ அவரையோ கீரையோ, ஒரு டம்ளர் நீர்மோர். பொன்னியானாலும் கறுப்புக்கவுனியானாலும் 50 கிராம் 50 கிராம்தான். பாரம்பரிய அரிசி என்பதற்காக அளவு கூடக் கூடாது. இரண்டு வாரம் கழித்து இரண்டாம் வேளை, பிறகு மூன்றாவது. இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் பொடி முழுக்க விடைபெறும்.

ஆய்வில் மாதம் ஒருமுறை எடையும் சர்க்கரையும் பார்ப்பது அதற்குப் பிறகும் இரண்டாம் ஆண்டு முடியும்வரை தொடர்ந்தது. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் கழித்தும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால்தான் நோய் பின்வாங்கியது என்று இன்று மருத்துவ உலகம் ஏற்கிறது. அப்போதும் ஆண்டுக்கொருமுறை கண், கால், சிறுநீரகப் பரிசோதனை நிற்கக் கூடாது.

இவ்வளவு கவனத்தோடு நடந்த ஆய்விலேயே காலம் தன் பங்கை எடுத்துக்கொண்டது. முதல் ஆண்டில் 46 சதவீதமாக இருந்தது இரண்டாம் ஆண்டில் 36 ஆனது. தொடர்ந்து கண்காணிப்பில் இருந்தவர்களில் ஐந்தாம் ஆண்டில் மாத்திரையில்லாமல் நின்றவர்கள் 13 சதவீதம். எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. சுவரில் ‘பின்பு’ படத்துக்குப் பின்னால் வரும் ஐந்து ஆண்டை எந்த மையமும் படமெடுத்து ஒட்டுவதில்லை.

அதனால் ஆய்வாளர்கள் சறுக்கலையும் திட்டத்துக்குள்ளேயே வைத்தார்கள். எடை இரண்டு கிலோ ஏறினால் ஒன்றோ இரண்டோ வேளைக்கு மட்டும் பொடி, நான்கு வாரம். நான்கு கிலோவுக்கு மேல் ஏறினாலோ சர்க்கரை திரும்பினாலோ மறுபடி நான்கு வாரம் முழுப் பொடி, பிறகு மறுபடி படிப்படியாகச் சாப்பாடு. டெல்டாவில் பன்னிரண்டு வாரம் விசேஷமே இல்லாமல் கிடைக்காது. ஆடியில் கல்யாணம் இல்லை என்று பார்த்தால் பதினெட்டாம் பெருக்குக்குச் சித்திரான்னம் வந்து நிற்கும், புரட்டாசி முடிந்தால் தீபாவளி, மார்கழி முடிந்தால் பொங்கல். வியாபாரியின் மருத்துவர் காலண்டரைக் கையில் எடுத்து, தை மாத முகூர்த்தங்களுக்குப் பிந்தைய வாரங்களில் ஓர் எடைச் சோதனையை முன்கூட்டியே குறித்துவைக்கிறார். அன்று மெஷின் 72-ஐத் தாண்டினால் மாத்திரைச் சீட்டோடு வர வேண்டும், பொடியை மட்டும் வாங்கிக்கொண்டு தானாகத் தொடங்கக் கூடாது என்று அதே பக்கத்தில் எழுதியும் கொடுக்கிறார்.